ஒரு பத்தியை இரண்டு பத்தியாக்க முடியுமா? ஃப்ரிட்ஜ் வாரண்டி அட்டை

பில் கவுண்டர் | ஜூன் 3, இரவு 9:12

காரைக்குடி பக்கம் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் பில் போடுகிறேன். போன மாதம் ஒருவர் வந்து பில்லை என் மேஜையில் வீசிவிட்டுப் போனார். ஃப்ரிட்ஜ் வாங்கி நாலாவது வருஷம். கம்ப்ரெஸர் போய்விட்டது. கதவில் '10 வருட வாரண்டி' என்று உள்ளங்கை அகலத்துக்கு ஸ்டிக்கர். கம்பெனி ஆள் கம்ப்ரெஸரை இலவசமாகத்தான் மாற்றினார், ஆனால் 3,800 ரூபாய்க்குத் தனியாக பில் கொடுத்துவிட்டார். "பத்து வருஷம்னு சொல்லித்தானே வித்தீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல வேண்டியவள் நான்.

அதற்குப் பிறகு முதலாளி ஒரு வேலை கொடுத்தார். அட்டையில் இருக்கிற நீளப் பத்தியை 'எதற்கு உண்டு, எதற்கு இல்லை' என்று இரண்டு பத்தியாகப் பிரித்து ஒரே தாளில் அடிக்க வேண்டும், ஃப்ரிட்ஜோடு கொடுக்க வேண்டும். அட்டையில் உள்ளது இதுதான் (ஆங்கிலத்திலிருந்து நானே தமிழாக்கியது):

> இக்குளிர்பதனப் பெட்டிக்கு, வாங்கிய நாளிலிருந்து 12 மாதங்களுக்கும், அதன் கம்ப்ரெஸருக்கு மட்டும் அதன்பின் மேலும் 108 மாதங்களுக்கும், வீட்டு உபயோகத்தில் இயல்பான பயன்பாட்டின்போது மூலப்பொருள் அல்லது தயாரிப்புக் குறையால் ஏற்படும் பழுதுகளுக்கு உத்தரவாதம் அளிக்கப்படுகிறது. பழுதான பாகத்தை இலவசமாகச் சீர்செய்வதா மாற்றுவதா என்பது நிறுவனத்தின் முடிவுக்கு உட்பட்டது. மாற்றிய பாகத்துக்கு மீதமுள்ள உத்தரவாதக் காலம் மட்டுமே பொருந்தும். மேற்படி 108 மாதங்களில் கேஸ், ஃபில்டர், கூலி, போக்குவரத்து ஆகிய செலவுகள் வாடிக்கையாளரைச் சாரும். பல்பு, கண்ணாடித் தட்டு, பிளாஸ்டிக் பாகங்கள், கதவு ரப்பர் ஆகியவை, பெட்டியைப் பெற்ற 7 நாட்களுக்குள் தெரிவிக்கப்படும் தயாரிப்புக் குறைகள் தவிர, இவ்வுத்தரவாதத்தில் அடங்கா. மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, எலி, பூச்சி, வெள்ளம் உள்ளிட்ட, ஆனால் இவற்றோடு நில்லாத புறக்காரணங்களால் ஏற்படும் சேதம், நிறுவனம் அங்கீகரிக்காத நபரால் திறக்கப்படுதல், வரிசை எண் அழிக்கப்படுதல் அல்லது வணிகப் பயன்பாடு ஆகிய நிலைகளில் இவ்வுத்தரவாதம் செல்லாது. உள்ளே வைத்த பொருட்கள் கெடுவதால் நேரும் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பாகாது. உத்தரவாதச் சேவை பெற அசல் பில் காட்டப்பட வேண்டும்.

முழுவதும் ஒரே பத்தி. நான் போட்டது:

| உண்டு | இல்லை |
|---|---|
| முதல் 12 மாதம் எல்லாப் பாகமும் | பல்பு, கண்ணாடி, பிளாஸ்டிக், கதவு ரப்பர் |
| கம்ப்ரெஸர் 10 வருஷம் | கேஸ், ஃபில்டர், கூலி, வண்டிச் செலவு |
| | மின்னழுத்தம், எலி, பூச்சி |
| | வெளி ஆள் திறந்தால் |
| | உள்ளே வைத்த சாமான் கெட்டால் |

இது போதுமா? பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் எங்கேயோ இடிக்கிறது.

வேர்ட் வாத்தியார் | ஜூன் 3, இரவு 9:40

ரொம்ப சுலபம் மேடம். பத்தியை முழுசா செலக்ட் பண்ணுங்க. மேலே Layout, அதில் Columns, அதில் Two. ஒரே நிமிஷத்தில் இரண்டு பத்தி வந்துடும்.

பில் கவுண்டர் | ஜூன் 3, இரவு 9:47

வந்தது சார். இடது பக்கம் பாதி வாக்கியம், வலது பக்கம் மீதி வாக்கியம். 'கதவு ரப்பர் ஆகியவை' என்பதோடு இடது பக்கம் முடிகிறது. என் தப்புதான், தலைப்பை அப்படி வைத்திருக்கக் கூடாது.

கையேட்டுக்காரர் | ஜூன் 3, இரவு 10:30

பதினைந்து வருஷம் மிக்ஸி, கிரைண்டர் கையேடுகளைத் தமிழில் எழுதிப் பிழைத்தவன். உங்களுக்கு எங்கே இடிக்கிறது என்று சொல்கிறேன்.

வலது பக்கம் 'கேஸ் இல்லை' என்று போட்டிருக்கிறீர்கள். மூன்றாவது மாதம் கேஸ் கசிந்தால் என்ன செய்வார்கள்? அட்டைப்படி அது இலவசம். கேஸ் செலவு வாடிக்கையாளருடையது என்பது 'மேற்படி 108 மாதங்களில்' மட்டும்தான். உங்கள் தாளை நம்புகிறவர் முதல் வருஷத்திலேயே பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுப்பார். அட்டை கொடுப்பதைத் தாள் பிடுங்கிக்கொள்கிறது.

இந்தப் பத்தியில் இருப்பது ஒரு வாரண்டி இல்லை, இரண்டு. முதல் வருஷம் பெட்டிக்கு, மீதி ஒன்பது வருஷம் ஒரே ஒரு பாகத்துக்கு. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் 'இல்லை' என்ற சொல் எந்தக் காலத்துக்கு என்பது தெரியாமல் போய்விடும். ஆகவே முதலில் காலத்தால் வெட்டுங்கள். 'உண்டு, இல்லை' என்று பிரிப்பதெல்லாம் அப்புறம்.

சர்வீஸ் அண்ணன் | ஜூன் 4, காலை 6:50

வேலைக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன். 3,800 ரூபாய் கதை எனக்குத் தினமும் நடப்பது. கம்ப்ரெஸர் மாற்றுவது பல்பு கழற்றி மாட்டுகிற வேலை இல்லை. பழைய கேஸை வெளியேற்ற வேண்டும், குழாயை வெட்டிப் பற்றவைக்க வேண்டும், ஃபில்டரைப் புதிதாகப் போட வேண்டும், வேக்குவம் இழுக்க வேண்டும், கிராம் கணக்கில் அளந்து கேஸ் ஏற்ற வேண்டும். இதில் கம்ப்ரெஸர் மட்டும்தான் கம்பெனி கணக்கு.

அதனால் 'கம்ப்ரெஸர் உண்டு' என்பதற்கு நேர் எதிர்க் கட்டத்திலேயே 'அதை மாற்றும் கேஸ், ஃபில்டர், கூலி இல்லை' என்று இருக்க வேண்டும். மூன்று வரி தள்ளிப் போட்டால் யாரும் சேர்த்துப் படிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் கம்ப்ரெஸர் நன்றாக இருக்கும், அதன் பக்கவாட்டில் மாட்டியிருக்கும் ரிலே போயிருக்கும். இன்வெர்ட்டர் மாடல் என்றால் பின்னால் இருக்கும் போர்டு. அது கம்ப்ரெஸரை ஒட்டியே இருக்கும், கம்ப்ரெஸருக்காகவே இருக்கும், ஆனால் கம்ப்ரெஸர் இல்லை. இதைச் சொன்னால் என்னைத் திருடன் மாதிரி பார்ப்பார்கள். உங்கள் தாளில் இதையும் போட்டால் எனக்குப் புண்ணியமாகப் போகும்.

ஷோரூம் தம்பி | ஜூன் 4, காலை 11:05

அக்கா, நாங்க '1+10' என்றுதான் சொல்லுவோம். முதல் வருஷம் முழு வாரண்டி, அப்புறம் கம்ப்ரெஸருக்குப் பத்து. மொத்தம் பதினொன்று. அதையே போடுங்க, வாடிக்கையாளருக்கும் சந்தோஷம்.

பில் கவுண்டர் | ஜூன் 4, பிற்பகல் 1:20

தம்பி, அட்டையில் 108 மாதம் என்று இருக்கிறது. 12-ம் 108-ம் 120. அதாவது முதல் வருஷத்தையும் சேர்த்துத்தான் பத்து. நீ பதினொன்று என்று சொல்லி விற்றால் 121-ஆவது மாதம் உன்னைத்தான் தேடி வருவார்கள். (அப்போது நீ வேறு கடையில் இருப்பாய், அது வேறு விஷயம்.)

ஆனால் நீ கேட்டதால் ஒன்று தோன்றியது. நானும் 'கம்ப்ரெஸர் 10 வருஷம்' என்றுதான் எழுதியிருந்தேன். அது சரிதான், ஆனால் எந்த நாளிலிருந்து என்று போடவில்லை. 'வாங்கிய நாளிலிருந்து' என்பதைத் தொலைத்துவிட்டேன்.

ஷோரூம் தம்பி | ஜூன் 4, பிற்பகல் 1:31

வேற பிராண்டில் நிஜமாவே 1+10 இருக்குக்கா. அட்டையைப் பார்த்துட்டுச் சொல்றேன்.

கையேட்டுக்காரர் | ஜூன் 4, மாலை 5:15

இருக்கலாம். அதனால்தான் ஒரே தாளை எல்லா பிராண்டுக்கும் ஓட்டக் கூடாது.

பில் கவுண்டர், 'தொலைத்துவிட்டேன்' என்றீர்களே, தொலைந்தது அது ஒன்றுதானா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பென்சிலை எடுத்துக்கொண்டு மூலப் பத்தியில், தனியாக நின்று பொருள் தரும் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போடுங்கள். கேஸ் ஒரு துண்டு, ஃபில்டர் ஒரு துண்டு, 7 நாள் ஒரு துண்டு. பிறகு உங்கள் அட்டவணையில் எந்த எண் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

பில் கவுண்டர் | ஜூன் 4, இரவு 10:50

எண் போட்டேன். மொத்தம் 26 துண்டு. என் அட்டவணையில் இருப்பது 15. பதினொன்றைக் காணோம்!

காணாமல் போனவை: வீட்டு உபயோகம், இயல்பான பயன்பாடு, தயாரிப்புக் குறை, சீர்செய்வதா மாற்றுவதா என்ற முடிவு, மாற்றிய பாகத்துக்கு மீதிக் காலம், அந்த 7 நாள், வெள்ளம், 'இவற்றோடு நில்லாத', வரிசை எண், வணிகப் பயன்பாடு, அசல் பில்.

வெள்ளம் வெறும் கவனக்குறைவு. 'தயாரிப்புக் குறை' போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மொத்தப் பத்தியும் அதன் மேல்தான் நிற்கிறது. நான் 'எல்லாப் பாகமும் உண்டு' என்று எழுதிவிட்டேன். ஒருவர் சுத்தியலால் ஐஸைத் தட்டி ஃப்ரீஸர் தட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு வந்தால், என் தாளைக் காட்டி இலவசம் கேட்கலாம். பாகத்துக்கு வாரண்டி இல்லை, பாகத்தில் இருக்கும் குறைக்குத்தான் வாரண்டி.

பில் கவுண்டர் | ஜூன் 5, காலை 7:30

தூக்கம் வராமல் யோசித்ததில் இன்னொரு தப்பும் தெரிந்தது. அந்த 7 நாள் ஏன் விழுந்தது என்றால், 'தவிர' என்ற சொல்லை நான் சரியாகப் படிக்கவில்லை.

'குறைகள் தவிர, இவ்வுத்தரவாதத்தில் அடங்கா' என்பதை 'குறைகளோடு கூட, இவையும் அடங்கா' என்று படித்திருக்கிறேன். நாம் பேசும்போது 'அது தவிர இன்னொண்ணு' என்கிறோம் இல்லையா, அந்தத் தவிர. இங்கே இருப்பது விலக்கும் தவிர. உடைந்த கண்ணாடித் தட்டோடு ஃப்ரிட்ஜ் வந்து, மூன்றாம் நாள் சொன்னால் அது உண்டு. என் தாளில் இல்லை. தமிழாக்கியதும் நான்தான், ஏமாந்ததும் நான்தான்.

கையேட்டுக்காரர் | ஜூன் 5, காலை 9:00

அந்தச் சொல்லில் நானும் வழுக்கியிருக்கிறேன். இப்போதெல்லாம் 'தவிர' என்று எழுதுவதையே விட்டுவிட்டேன். 'மட்டும் உண்டு' என்று இடது பக்கம் ஒரு வரி, 'மற்றபடி இல்லை' என்று வலது பக்கம் ஒரு வரி. ஒரே பாகம் இரண்டு பக்கமும் வரும். அதில் தப்பில்லை. விலக்குக்குள் விலக்கு வந்தால் அதை இரண்டாக உடைத்து இரு பக்கமும் போடுவதுதான் வழி.

நம் மொழியில் இன்னொரு சங்கடமும் உண்டு. வினை கடைசியில் வருகிறது. 'பல்பு, கண்ணாடித் தட்டு, பிளாஸ்டிக் பாகங்கள், கதவு ரப்பர் ஆகியவை…' என்று படித்துக்கொண்டே போகிறவருக்கு, உண்டா இல்லையா என்பது 'அடங்கா' வரும் வரை தெரியாது. அதற்குள் பல்பு மறந்திருக்கும். அட்டவணையில் அந்த 'அடங்கா' தலைப்பாக மேலே ஏறிவிடுகிறது. ஆகவே கட்டத்துக்குள் மறுபடி 'அடங்காது', 'பொருந்தாது' என்று போடாதீர்கள். 'இல்லை' என்ற தலைப்பின் கீழ் 'கேஸ் பொருந்தாது' என்று இருந்தால், இல்லைக்கு இல்லை, உண்டு என்று படிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாவு அம்மா | ஜூன் 5, பிற்பகல் 3:10

என் கதையையும் கேளுங்கள். வீட்டில் இட்லி மாவு அரைத்துப் பக்கத்து வீடுகளுக்குப் பாக்கெட் போட்டு விற்கிறேன். ஒரு நாளைக்கு இருபது பாக்கெட் போகும். வீட்டு ஃப்ரிட்ஜில்தான் வைக்கிறேன். எட்டாவது மாதம் கூலிங் நின்றது. வந்த ஆள் கதவைத் திறந்து பாக்கெட்டைப் பார்த்தார், 'வணிகப் பயன்பாடு' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். சாம்பாரும் அதே ஃப்ரிட்ஜில்தான் இருந்தது, அது அவர் கண்ணில் படவில்லை. உங்கள் பட்டியலில் நான் எந்தப் பக்கம் வருவேன்?

சட்டம் இரண்டாம் ஆண்டு | ஜூன் 5, இரவு 8:25

அம்மா, நீங்கள் கவலைப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் அதற்கென்றே வாங்கிப் பயன்படுத்துவது 'வணிக நோக்கம்' ஆகாது என்று விளக்கமே இருக்கிறது. எனவே வாரண்டி உண்டு.

பில் கவுண்டர் அவர்களுக்கு: நீங்கள் அடிக்கும் தாள் ஆபத்தானது. அதே சட்டம், பிரிவு 86. தயாரிப்பாளரின் வாரண்டியிலிருந்து தனியாக விற்பனையாளர் ஒரு வாரண்டி கொடுத்தால், அதற்கு விற்பனையாளரே பொறுப்பு. தாளில் தப்பாக 'கேஸ் உண்டு' என்று போட்டால் கேஸ் பணத்தை உங்கள் கடையே கொடுக்க வேண்டும்.

நுகர்வோர் வழக்குகள் பார்ப்பவர் | ஜூன் 6, காலை 10:40

சட்டம் படிக்கும் தம்பி சொன்னதில் பாதி சரி.

மாவு அம்மா விஷயம். அந்த விளக்கம், அவர் நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்டலாமா என்பதற்கு. அட்டையில் உள்ள 'வீட்டு உபயோகம்' என்ற நிபந்தனையை அது தானாகவே அழித்துவிடாது. இரண்டும் வேறு கேள்விகள். ஆணையத்துக்குப் போகலாம் என்று நானும் சொல்வேன். போனால் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். முதலில் 1915-க்குப் பேசிப் பாருங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். பழுதுக்கும் மாவுக்கும் என்ன தொடர்பு என்று கம்பெனியை எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

பிரிவு 86. அது 'பொருள் பொறுப்பு' அத்தியாயத்தில் வருவது. பொருளால் ஆளுக்கோ மற்ற உடைமைக்கோ தீங்கு நேர்ந்தால் அதற்கானது. அந்தப் பொருளுக்கே ஏற்படும் சேதம் அந்தத் 'தீங்கு' கணக்கில் வராது. ஆகவே கேஸ் பணத்துக்கு 86 உதவாது. ஆனால் தம்பியின் பயம் தப்பில்லை. கடை பெயர் போட்ட தாளில் ஒன்றை உண்டு என்று எழுதி விற்றுவிட்டு, பிறகு இல்லை என்றால், சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக முறை என்று சாதாரணப் புகாராகவே போடலாம். தாளின் அடியில் 'இது சுருக்கம். கம்பெனி அட்டையே முழு விவரம்' என்று ஒரு வரி போடுங்கள். அந்த வரி தப்பான தாளைக் காப்பாற்றாது, தாள் சரியாக இருந்தால் மட்டுமே உதவும்.

சட்டம் இரண்டாம் ஆண்டு | ஜூன் 6, காலை 10:58

'தீங்கு' வரையறையை நான் பார்க்கவில்லை. நன்றி சார்.

பில் கவுண்டர் | ஜூன் 6, இரவு 9:30

மாவு அம்மாவின் கேள்விதான் என்னை மாட்டிவிட்டது. 'வணிகப் பயன்பாடு' வலது பக்கம் போகிறதா என்று பார்த்தேன். போகவில்லை. எலி கடித்தால் அந்த ஒயருக்கு இல்லை. உள்ளே வைத்த பால் கெட்டால் பாலுக்கு இல்லை. ஆனால் வெளி ஆள் திறந்தால்? அந்தப் பழுதுக்கு மட்டும் இல்லையா, மொத்த வாரண்டியும் போய்விட்டதா?

பத்தியில் கவனிக்க வேண்டிய இரண்டு வினைகள் இருக்கின்றன: 'அடங்கா', 'செல்லாது'. அடங்கா என்றால் அந்தப் பாகம் மட்டும். செல்லாது என்றால் அட்டையே காகிதம். நான் இரண்டையும் 'இல்லை' என்ற ஒரே சாக்கில் போட்டிருக்கிறேன். 'வெளி ஆள் திறந்தால்' என்பது பல்புக்குக் கீழே சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. அதைப் படிக்கிறவர், தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அந்த ஒரு ரிப்பேருக்கு மட்டும் காசு போகும் என்று நினைப்பார். ஒன்பது வருஷக் கம்ப்ரெஸர் வாரண்டியும் சேர்ந்து போகும்.

ஆகவே மூன்றாவது இடம் ஒன்று வேண்டும். பத்தியாக இல்லை, இரண்டு பத்திக்கும் அடியில் குறுக்காக ஒரு பட்டை: 'இதைச் செய்தால் வாரண்டியே போய்விடும்'. வெளி ஆள், வரிசை எண், வணிகப் பயன்பாடு மூன்றும் அங்கே.

சிக்கல் என்னவென்றால், மின்னழுத்தம், எலி, பூச்சி, வெள்ளத்தையும் அட்டை அதே 'செல்லாது' கட்டில்தான் கட்டியிருக்கிறது. எலி ஒரு ஒயரைக் கடித்ததற்கு முழு வாரண்டியும் போகுமா?

சர்வீஸ் அண்ணன் | ஜூன் 7, காலை 6:45

நடைமுறையில் போகாது. எலி கடித்தால் ஒயருக்குக் காசு வாங்குவோம், அவ்வளவுதான். அடுத்த மாதம் கம்ப்ரெஸர் போனால் வாரண்டியில்தான் மாற்றுவோம். ஆனால் வோல்டேஜில் கம்ப்ரெஸரே எரிந்திருந்தால் வாக்குவாதம்தான். அது உள் குறையா, கரண்ட்டா என்று முடிவு செய்கிறவன் நான். மறுத்தால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், நிறையப் பேர் கேட்பதே இல்லை.

கையேட்டுக்காரர் | ஜூன் 7, காலை 11:20

அண்ணன் சொல்வது நடைமுறை, அட்டையில் இருப்பது சொல். தாளில் எதைப் போடுவது? இதில் எனக்கே இரண்டு மனது. அட்டையின் சொல்லை அப்படியே எடுத்தால் பட்டையில் போக வேண்டும். ஆனால் 'சேதம் ஆகிய நிலைகளில் உத்தரவாதம் செல்லாது' என்ற தொடர் தெளிவாக இல்லை, அந்தச் சேதத்துக்குச் செல்லாது என்றும் படிக்கலாம். சுருக்குகிறவர் தெளிவில்லாத இடத்தைத் தானாகத் தெளிவாக்கக் கூடாது. கம்பெனியைக் கேளுங்கள், மின்னஞ்சலில்.

'உள்ளிட்ட, ஆனால் இவற்றோடு நில்லாத' என்பதையும் விட்டுவிடாதீர்கள். அதை எடுத்துவிட்டு 'மின்னழுத்தம், எலி, பூச்சி, வெள்ளம்' என்று நாலே நாலு போட்டால், இடி விழுந்து எரிந்தவர் "இடி உங்கள் பட்டியலில் இல்லையே" என்பார். திறந்த பட்டியலை நீங்கள் மூடிவிட்டீர்கள். 'போன்ற வெளிக்காரணங்கள்' என்று 'போன்ற' ஒன்று போதும்.

கேட்க வேண்டியது இன்னும் இரண்டு. கேஸும் கூலியும் வண்டிச் செலவும் 108 மாதத்தில் வாடிக்கையாளருடையவை என்று இருக்கிறது. அப்படியானால் முதல் வருஷம் வண்டிச் செலவு யாருடையது? அட்டை 'இலவசமாகச் சீர்செய்வது' என்பதோடு நிற்கிறது. அண்ணன் சொன்ன ரிலே, போர்டு கதையும் அட்டையில் இல்லை. 'கம்ப்ரெஸருக்கு மட்டும்' என்பதிலிருந்து நாமாக எடுப்பது. அட்டை மௌனமாக இருக்கும் இடத்தை நிரப்பாதீர்கள்.

பில் கவுண்டர் | ஜூன் 12, மாலை 6:10

கம்பெனிக்கு மூன்று கேள்வி அனுப்பினேன். இரண்டுக்குப் பதில் வந்தது. முதல் 12 மாதம் வண்டிச் செலவும் கூலியும் இலவசம். ரிலேயும், கம்ப்ரெஸர் எரியாமல் காக்கும் ஓவர்லோடும் கம்ப்ரெஸரில் சேராது. போர்டு இந்த மாடலில் சேராது, வேறு மாடலில் தனிக் காலம் உண்டு, அந்த மாடலின் அட்டையைப் பார்க்கவும். எலிக் கேள்விக்கு 'அட்டையில் உள்ளபடி' என்று பதில். அட்டை புரியாமல்தானே கேட்டோம்.

தாள் இப்போது இப்படி:

வாங்கிய நாளிலிருந்து 12 மாதம் வரை

| உண்டு | இல்லை |
|---|---|
| மூலப்பொருள், தயாரிப்புக் குறையால் பழுதாகும் பாகம். அதற்கான கேஸ், கூலி, வண்டிச் செலவு | மின்னழுத்தம், எலி, பூச்சி, வெள்ளம் போன்ற வெளிக்காரணங்களால் வந்த சேதம் * |
| பல்பு, கண்ணாடித் தட்டு, பிளாஸ்டிக், கதவு ரப்பர்: ஃப்ரிட்ஜ் வந்து 7 நாளுக்குள் சொன்ன தயாரிப்புக் குறை மட்டும் | அதே பாகங்கள், 7 நாளுக்குப் பிறகு |
| | உள்ளே வைத்த சாமான் கெட்டால் அதன் விலை |

13-ஆவது மாதம் முதல் 120-ஆவது மாதம் வரை

| உண்டு | இல்லை |
|---|---|
| குறையால் பழுதான கம்ப்ரெஸர், அந்தப் பாகம் மட்டும் | அதை மாற்ற ஆகும் கேஸ், ஃபில்டர், கூலி, வண்டிச் செலவு |
| | ரிலே, ஓவர்லோடு, போர்டு முதலாக மற்ற எல்லாப் பாகங்களும் |
| | மேலே சொன்ன வெளிக்காரணங்களால் வந்த சேதம் *; உள்ளே வைத்த சாமான் |

இதைச் செய்தால் வாரண்டியே போய்விடும்: கம்பெனி அனுப்பாத ஆள் திறப்பது, வரிசை எண்ணை அழிப்பது, வணிகத்துக்குப் பயன்படுத்துவது.

காட்ட வேண்டியது: அசல் பில்.

அதற்கும் கீழே சின்ன எழுத்தில்: வீட்டில் இயல்பாகப் பயன்படுத்தும்போது வரும் பழுதுக்குத்தான் இது எல்லாம், சீர்செய்வதா மாற்றுவதா என்பது கம்பெனி முடிவு, மாற்றிய பாகத்துக்கு மீதிக் காலம் மட்டும், * இவற்றால் வாரண்டி 'செல்லாது' என்பது அட்டையின் சொல், இது சுருக்கம், அட்டையே முழு விவரம்.

26 துண்டையும் எண்ணிப் பார்த்துவிட்டேன், எல்லாம் இருக்கின்றன.

சர்வீஸ் அண்ணன் | ஜூன் 12, இரவு 9:15

'கம்பெனி அனுப்பாத ஆள்' நல்ல சொல். 'அங்கீகரிக்கப்படாத நபர்' என்றால், எங்கள் ஊரில் தன் மச்சானை எல்லோரும் அங்கீகரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

பில் கவுண்டர் | ஜூன் 14, இரவு 8:40

முதலாளி பார்த்தார். "வலது பக்கம் கனமா இருக்கே, இதைப் படிச்சுட்டு யார் வாங்குவா?" என்றார். இரண்டாம் அட்டவணையின் வலது பக்கத்தைச் சின்ன எழுத்தில் போடலாமா என்று கேட்டார். 3,800 ரூபாய் பில்லை வீசிவிட்டுப் போனவரை நினைவுபடுத்தினேன். எழுத்தின் அளவு அப்படியே இருக்கட்டும், ஆனால் பில் போட்ட பிறகு கொடு என்றார். பில் போடும் முன் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. இன்னும் முடிவாகவில்லை.

எங்கள் கடையில் டீ கொண்டுவரும் அக்காவிடம் தாளை மட்டும் கொடுத்து ஐந்து கேள்வி கேட்டேன். ஐந்தாவது மாதம் கேஸ் போனால்? ஐந்தாவது வருஷம் கம்ப்ரெஸர் போனால் கையிலிருந்து எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? பத்தாம் நாள் தட்டு உடைந்தால்? இரண்டாவது வருஷம் ரிலே? மச்சான் திறந்தால்? நாலுக்குச் சரியாகச் சொன்னார். தட்டில்தான் தடுமாறினார். '7 நாளுக்குப் பிறகு' என்பதை ஏழு நாள் கழித்து வாரண்டி ஆரம்பிக்கிறது என்று நினைத்துவிட்டார். அந்த வரியை 'அதே பாகங்கள், 8-ஆம் நாளிலிருந்து சொன்னால்' என்று மாற்றினேன். இப்போது சரியாகச் சொல்கிறார்.

மாவு அம்மா | ஜூன் 15, காலை 5:30

1915-க்குப் பேசினேன், புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். ஃப்ரிட்ஜ் இன்னும் ஓடவில்லை. மாவைத் தங்கை வீட்டில் வைத்திருக்கிறேன்.

பில் கவுண்டர் | ஜூன் 19, இரவு 9:05

தாள் கொடுக்க ஆரம்பித்து மூன்று நாள். இன்று ஒருவர் போனில் கூப்பிட்டார். மாடிப்படியில் ஏற்றும்போது நம் ஆட்கள் கதவில் நீளமாக ஒரு கீறல் போட்டுவிட்டார்களாம். "உங்க தாளில் ரெண்டு பக்கமும் தேடிட்டேன், கீறல் எங்கேயும் இல்லையேம்மா" என்றார். அட்டையையும் எடுத்துப் படித்தேன். அதிலும் இல்லை. தயாரிப்புக் குறை இல்லை, வெளிக்காரணம் என்றால் அந்த வெளிக்காரணம் எங்கள் கடை ஆள்.

முதலாளி நாளைக்கு ஊரிலிருந்து வருகிறார், கேட்க வேண்டும். இது கம்பெனி தாளில் வர வேண்டியதா, கடைக்கென்று தனியாக இன்னொரு தாள் அடிக்க வேண்டுமா?

வேர்ட் வாத்தியார் | ஜூன் 19, இரவு 9:20

தனித் தாள் என்றால் Layout-இல் Breaks, அதில் Next Page. இந்தத் தடவை கேள்வி சரியாகப் புரிந்ததா மேடம்?